ஆதுலசாலையில் ஆட்சி யாருடையது? திருமுக்கூடலும் திருவரங்கமும்

தமிழகத்தில் வைத்தியனே வைத்தியசாலையின் நிர்வாகியாகவும் தொன்றுதொட்டு விளங்கினான் என்பதும், இக்காலத்தில் மருத்துவர்கள் நிர்வாகம் பயின்று மேலேறுவது அப்பழைய மரபின் தொடர்ச்சியே என்பதும் இத்துறையில் எனக்கு முன் எழுதிய ஒருவரின் கொள்கை. அதற்கு அவர் காட்டும் தலையாய சான்று, வீரராஜேந்திர சோழன் காலத்ததும், கி.பி. 1068-ஐ ஒட்டியதும் (கணிப்பு ஓராண்டு முன்பின் ஆகலாம்) ஆன திருமுக்கூடல் கல்வெட்டு. பதினைந்து படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலைக்கு நிபந்தம் விதிக்கும் அச்சாசனத்தில், நோய் பார்ப்பவனுக்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், சல்லியக்கிரியை செய்பவனுக்கு 30 கலமும் குறிக்கப்பட்டிருக்க, எல்லாரினும் மிகுதியாகப் பெற்றவன் எல்லாரையும் ஆண்டவனாகவே இருக்கவேண்டும் என்று அவர் முடிவு கட்டினார்.

கூலி மிகுதியிலிருந்து அதிகாரத்தை ஊகிக்கும் இந்த வாதம் எனக்கு உடன்பாடன்று. சாசனம் எதை விரிவாகப் பேசுகிறது என்பதையே முதலில் பார்க்கவேண்டும். மூலிகை கொணர்வார், மருந்து அடும் பெண்டிர், நாவிதன், நீர் கொணர்வான் ஆகியோர் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு, இரவு விளக்குக்கு எண்ணெய், ஆண்டு முழுதும் இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகளின் அளவு, மண்டூர வடகம் என்றால் 2,000 உருண்டை என்பது வரை, எல்லாம் கல்லிலேயே தீர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. இத்தனை முன்னமே நிச்சயிக்கப்பட்டபின் வைத்தியன் தீர்மானிப்பதற்கு மிஞ்சுவது சிகிச்சை ஒன்றே.

நோயாளர் உணவை மட்டும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆளுக்கு நாள்தோறும் ஒரு நாழி அரிசி என்பது விதி; பதினைந்து பேருக்குப் பதினைந்து நாழி. 360 நாளுக்கு 5,400 நாழி. 96 நாழி ஒரு கலமாதலின் 56 கலத்துக்குச் சற்று மேல். சோழர் காலத்து வழக்கமான ஐந்திரண்டு வண்ணத்தில், அதாவது ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்ற கணக்கில், இதற்கு ஏறத்தாழ 140 கலம் நெல் வேண்டும். வைத்தியனுடைய 90 கலத்தைக் காட்டிலும் பெரிதான இச்செலவு, பதினைந்து படுக்கையும் ஆண்டு முழுதும் நிறைந்திருக்கும் என்று கொண்டு விதிக்கப்பட்டது. படுக்கை காலியான நாளில் மிஞ்சும் அரிசி எவர் கையில் நிற்கும் என்பதே நிர்வாகத்தின் உயிர்நிலைக் கேள்வி. அந்த அரிசியை வைத்தியனிடம் ஒப்புவிக்கும் வாசகம் எதையும் நான் காணவில்லை. வேதபாடசாலைக்கும் மாணவர் விடுதிக்கும் அதே சாசனமே நிபந்தம் வகுப்பதால், கோயிற் கணக்கரே மூன்றையும் சேர்த்துப் பார்த்தனர் என்று கொள்வது பொருந்தும். இது ஊகமே, எதிர்க்கட்சியின் ஊகத்தினும் குறைந்த பாரம் சுமக்கும் ஊகம்.

உண்மையில் வைத்தியன் நிர்வாகியாவது தெளிவாகத் தெரியும் இடம் திருவரங்கம். சக ஆண்டு 1415, அதாவது கி.பி. 1493-க்குரிய சாசனம், சீனிவாசன் என்ற கருடவாகன பட்டர் சிதைந்து கிடந்த ஆரோக்கியசாலையைப் புதுப்பித்துத் தன்வந்திரி எம்பெருமானையும் எழுந்தருளச் செய்தார் என்கிறது. துருக்கர் படையெடுப்பில் அழிந்த அந்தச் சாலை, போசள ராமநாதன் காலத்தில், அவனது மூன்றாம் ஆண்டு எனின் கி.பி. 1257 அளவில், ஏற்பட்டது. கோயிலொழுகோ கருடவாகன பண்டிதரை இராமானுசர் காலத்துக்கே கொண்டு செல்கிறது. இராமானுசர் காலத்துக்கும் சாலை ஏற்பட்ட காலத்துக்கும் இடையே நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. ஒரே குடியில் பெயர் வழிவழியாக வந்தது என்றால் முரண் நீங்கலாம். ஆயினும் அதை நிரூபிக்கும் சாசனம் கிட்டும்வரை தேதியைத் தீர்ப்பிட நான் முன்வரேன். நமக்கு வேண்டியது வேறு: திருமுக்கூடலில் நிபந்தம் மேலிருந்து இறங்கியது, திருவரங்கத்தில் நிறுவனத்தை மீட்டெடுக்கும் முயற்சி வைத்தியக் குடியிலிருந்தே எழுந்தது. இவ்விரண்டையும் ஒரே மரபென்று கோத்ததில்தான் முன்னவர் வழுக்கினார்.

இன்றும் வழி இரண்டாகவே இருக்கிறது. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் மருத்துவமனை நிர்வாகத்தில் பட்டமேற்படிப்பு எம்.பி.பி.எஸ். முடித்தவர்க்கு உரியது, மும்பை டாடா சமூக விஞ்ஞானக் கழகமோ எத்துறைப் பட்டதாரிக்கும் அக்கல்வியைத் திறந்து வைத்தது. மதுரையில் 1976-ல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கல்கத்தா மேலாண்மைக் கழகத்தில் பயின்ற துளசிராஜ் நிர்வாகத்தை ஏற்றார். திருமுக்கூடற் கணக்கரின் வேலைக்கு அவர் மிக அணுக்கமானவர் என்பேன். தொட்டியம் போன்ற வட்டத் தலைநகரத்து அரசு மருத்துவமனையிலோ நோயாளரைப் பார்த்து முடித்த தலைமை மருத்துவரே மருந்திருப்புப் பதிவேட்டிலும் ஒப்பமிடுகிறார். அவர் கருடவாகன பட்டரின் வழியில் நிற்பவர். அவருக்கு நிர்வாகக் கல்வியைப் பணியின் ஊடேயே அளிக்க அரசு முன்வரவேண்டும்.