ஒரு ஸ்கிரீன்ஷொட்டுக்குப் பதில் எழுதுவது எப்படி? சிலாபத்தை வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

 

மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது யாராவது ஒரு படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, "சேர், இதுக்கு நல்லா நாலு வரி எழுதித் தாங்க" என்று கேட்கிறார்கள். படத்தில் யாரோ ஒருவர் நம்மைத் திட்டியிருப்பார். அது முஸ்லிம்களைப் பற்றியும் இருக்கும், தோட்டத்து மக்களைப் பற்றியும் இருக்கும். லிங்க் கேட்டால் இருக்காது. யார் போட்டது, எப்போது போட்டது என்று கேட்டால் "குரூப்ல வந்திச்சு சேர்" என்பார்கள்.

வரலாறு படிப்பிக்கிறவனுக்கு இது பழக்கமான சிக்கல்தான். ஒரு கல்வெட்டின் நடுத் துண்டு மட்டும் கிடைத்தால், மேலே என்ன இருந்தது, கீழே என்ன இருந்தது என்பதைக் கேட்காமல் அதற்குப் பொருள் சொல்ல மாட்டோம். ஆனால் போனில் வரும் துண்டுக்கு மட்டும் ஐந்து நிமிடத்தில் பொருளும் சொல்லி, பதிலும் எழுதி, பத்துப் பேருக்கு அனுப்பியும் விடுகிறோம். அதன் விலை என்ன என்பதை இந்த நாடு 2019 மே மாதத்தில் பார்த்தது.

ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டு மூன்று வாரம். கத்தோலிக்கத் தேவாலயங்களில் ஞாயிறு பூசைகள் நிறுத்தப்பட்டு, மே 12ஆம் திகதிதான் மறுபடி தொடங்கின. சிலாபம் கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊர். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே ஒரு முஸ்லிம் கடைக்காரர் முகநூலில் எழுதிய ஒரு வரி படமாகக் கைக்குக் கை போனது. கூட்டம் சேர்ந்தது. அவருடைய கடைக்கும் வேறு முஸ்லிம் கடைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் கல் விழுந்தது. பொலிஸ் அவரைக் கைது செய்து ஊரடங்கும் போட்டது.

அந்த வரி ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. மிகச் சின்னது. "இதற்கு மேல் சிரிக்காதே, ஒருநாள் நீ அழுவாய்" என்பது அதன் பொருள். மேலும் குண்டு வெடிக்கப் போகிறது என்ற முன்னறிவிப்பாக ஊர் அதை வாசித்தது. மூன்று வாரத்துக்கு முன் ஆட்களைப் புதைத்த ஊர் அப்படி வாசித்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்த வாசிப்புச் சரியா என்பது வேறு கேள்வி.

ரொய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் பார்த்த ஸ்கிரீன்ஷொட்டில் அந்த வரிக்கு மேலே இன்னொரு வரியும் இருந்தது. வேறொருவர் சிங்களத்தில் எழுதியது. "எங்களை அழ வைப்பது கஷ்டம்" என்று சொல்லி, முஸ்லிம் ஆண்களைக் கேவலப்படுத்தும் ஒரு சொல்லையும் சேர்த்திருந்தார். அதற்கு வந்த பதில்தான் "ஒருநாள் நீ அழுவாய்".

மேல் வரியை விரலால் மூடிவிட்டுக் கீழ் வரியை மட்டும் வாசித்துப் பாருங்கள். அழுகை எங்கிருந்தோ வானத்திலிருந்து விழுகிறது. மிரட்டல் போலவே கேட்கிறது. இப்போது விரலை எடுங்கள். அழுகை என்ற சொல்லை முதலில் கொண்டுவந்தவர் மற்றவர். இவர் அதே சொல்லைத் திருப்பி எறிகிறார். பண்பான பதில் இல்லைதான், ஆனாலும் இது சண்டை பிடிக்கிற இரண்டு பேரின் வாய்ப்பேச்சு.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் எழுதிய ஆங்கிலம் ஆங்கிலம் மாதிரி இல்லை. நம் வீடுகளில் "ரொம்பச் சிரிக்காத, பிறகு அழ வேண்டி வரும்" என்று உம்மாமார் பிள்ளைகளுக்குச் சொல்கிற பேச்சை அப்படியே சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் போட்ட மாதிரி இருக்கிறது. தாய்மொழியில் அது தேய்ந்த ஒரு பேச்சு. வேற்று மொழிக்குப் போனதும் அந்தத் தேய்மானம் காணாமல் போய், சொல் மட்டும் புதுக் கத்தி போல நிற்கிறது.

ஆங்கிலத்தில் "யூ" என்றால் ஒருவரா, பலரா என்றும் தெரியாது. தமிழில் எழுதியிருந்தால் "நீ அழுவாய்" என்பதா, "நீங்கள் எல்லாரும் அழுவீர்கள்" என்பதா என்று உடனே தெரிந்திருக்கும். முதலாவது ஒருவனோடு சண்டை, இரண்டாவது ஒரு சமூகத்துக்கு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் அந்த ஒற்றைச் சொல் இரண்டுக்கும் இடம் கொடுத்தது. பயந்திருந்தவர்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். பயந்திருந்தவர்களைப் பயன்படுத்தக் காத்திருந்தவர்களும் அதையேதான் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் 13ஆம் திகதி வன்முறை குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல பக்கமும் கம்பஹா மாவட்டத்தின் மினுவாங்கொடைக்கும் பரவியது. கொட்டாரமுல்லையில் ஒரு தச்சர் வெட்டிக் கொல்லப்பட்டார். முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன, அன்றிரவு நாடு முழுவதும் ஊரடங்கு. இவ்வளவுக்கும் காரணம் ஒரு கொமெண்ட் மட்டும்தான் என்று சொன்னால் அது பிழையான வரலாறு. லொறியிலும் மோட்டார் சைக்கிளிலும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் ஒரு கொமெண்டைப் பார்த்துப் புறப்பட்டவர்கள் இல்லை. ஆனால் கூட்டத்துக்குக் காட்ட ஒரு படம் தேவைப்பட்டது. அது தயாராக இருந்தது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். மேல் வரியைச் சொன்ன செய்தியாளர்கள் பார்த்ததும் ஒரு ஸ்கிரீன்ஷொட்தான். அந்த இரண்டு வரிக்கும் மேலே இருந்த மூலப் பதிவு என்ன, யார் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது அந்தப் படத்துக்கு வெளியே போய்விட்டது. ஆகவே நான் மேலே சொன்ன வாசிப்பும் இரண்டு வரி வரைக்கும்தான் நிற்கும்.

துண்டு வாசிப்பு தெருவோடு நின்றுவிடுவதில்லை. ரம்ஸி ராஸிக் என்ற ஓய்வுபெற்ற அரச அலுவலர் 2020 ஏப்ரல் 2ஆம் திகதி சிங்களத்தில் ஒரு பதிவு எழுதினார். இனவாதப் பிரசாரத்துக்கு எதிராகப் பேனாவையும் கீபோர்டையும் ஆயுதமாகக் கொண்டு ஒரு சிந்தனா ஜிஹாத் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். பேனாவும் கீபோர்டும் மறைந்தன, ஜிஹாத் மட்டும் பரவியது. மரண அச்சுறுத்தல் வந்தது, இனி எழுதமாட்டேன் என்றார். 9ஆம் திகதி கைது செய்யப்பட்டு, செப்டெம்பர் 17ஆம் திகதிதான் பிணையில் வெளியே வந்தார். 2023இல் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்துப் பத்து இலட்சம் ரூபாய் நட்டஈடு வழங்கச் சொன்னது. ஒரு பதிவை முழுதாக வாசிக்க மூன்று நிமிடம் போதும், அதற்கு மூன்று வருடத்துக்கு மேல் போனது.

இனி நம் வேலைக்கு வருவோம். போன கிழமை ஓர் இளம் ஆசிரியர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். அதில் இருந்த கொமெண்ட் இது: "தோட்டத்து ஆக்களுக்கு 1964லயே பிரஜாவுரிமை குடுத்தாச்சு. இன்னும் என்ன அழுகை?" கீழே அவரே ஒரு பதிலும் எழுதியிருந்தார். "உங்களைப் போன்ற இனவாதிகள்" என்று தொடங்கி, எழுதினவரின் பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் தொட்டிருந்தார்.

முதலில் படத்தைப் பார்த்தோம். நேரம் இருந்த இடத்தில் "3 மணி" என்று மட்டும் இருந்தது. முகநூல் புதுப் பதிவுகளுக்குத் திகதி காட்டாது, எத்தனை மணிக்கு முன் என்றுதான் காட்டும். படம் எடுத்தது இன்றைக்கா, மூன்று வருடத்துக்கு முன்பா? தெரியாது. கொமெண்ட் கொஞ்சம் வலது பக்கம் தள்ளித் தொடங்கியது. அப்படியென்றால் அது இன்னொரு கொமெண்டுக்குக் கொடுத்த பதில், அந்த முதல் கொமெண்ட் படத்தில் இல்லை. கடைசி வரியின் முடிவில் "மேலும் பார்க்க" இருந்தது. மிச்சத்தையும் நாம் பார்க்கவில்லை. இன்னொருவர் சொன்னதை எடுத்துப் போட்டு, கீழே அதை மறுத்தும் இருக்கலாம். பெயர் ஒரு பெயர்தான், அதற்குப் பின்னால் யார் என்பதைப் படம் சொல்லாது.

ஆகவே ஆளைப் பற்றிய எல்லாவற்றையும் வெட்டினோம். எந்த நோக்கத்தில் எழுதினார் என்பதையும் வெட்டினோம். மிச்சம் இருந்தது ஒரு கூற்று: 1964இல் குடியுரிமை கொடுத்தாகிவிட்டது. இதை யார் சொன்னாலும், எப்போது சொன்னாலும், மேலே கீழே என்ன இருந்தாலும், சரியா பிழையா என்று பார்க்கலாம். துண்டுப் படத்தை வைத்துக்கொண்டு தைரியமாகப் பதில் சொல்லக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

"அழுகை" என்ற சொல்லையும் விட்டுவிட்டோம். அவருக்கு அதைத் தொட ஆசை இருந்தது. சிலாபத்தில் திருப்பி எறியப்பட்டதும் அதே சொல்தான் என்று ஞாபகப்படுத்தினேன்.

படத்தில் இருந்த பெயரையும் முகத்தையும் கறுப்பால் மூடிவிட்டு, கடைசியில் போட்ட பதில் இவ்வளவுதான். வேண்டியவர்கள் எடுத்துப் பாவிக்கலாம்:

"இந்தப் படத்தில் தெரியும் வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முழுப் பதிவையும் நான் பார்க்கவில்லை. 1964இல் நடந்தது சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். அதில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசாங்கங்களும் எண்ணிக்கையைப் பிரித்துக்கொண்டன. 150,000 பேரைப் பற்றிய முடிவு பின்னுக்குப் போடப்பட்டு, 1974இல்தான் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நாடற்றவர்களானவர்களில் எஞ்சியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். ஆகவே 1964இல் முடிந்தது என்பது சரியில்லை. மூலப் பதிவின் லிங்க் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், வாசித்துவிட்டு மிச்சத்தையும் பேசுவோம்."

லிங்க் இன்னும் வரவில்லை.