ஒருசந்தியும் சுத்தபோசனமும்: அம்பிட்டிய அயலவரின் நோன்பு

2025ஆம் ஆண்டு மார்ச் 14, ரமழானின் ஒரு வெள்ளிக்கிழமை. அம்பிட்டியவில் எங்கள் அயல்வீட்டில் இருக்கும் கத்தோலிக்கரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை இஃப்தாருக்கு அழைத்திருந்தேன். கஞ்சிக் கோப்பையை நீட்டியபோது அவர் சற்றுத் தயங்கினார். "இறைச்சி போடல்ல சேர், கோழி மட்டுந்தான்" என்றேன். "பரவாயில்ல மாஸ்டர், எனக்கு ஈச்சம்பழம் போதும்" என்று சிரித்தார். அன்றிரவு அவர் பசியோடுதான் போயிருப்பார். அவருக்கு அது தவக்கால வெள்ளி என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இது எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனெனில் அம்பிட்டிய என்றால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவதே குருமடம்தான். பாப்பரசர் 13ஆம் லியோ இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சுதேச குருமாரை உருவாக்கவென 1893இல் இதை நிறுவினார். 1955இல் பாப்பரசர் குருமடம் பூனாவுக்குச் சென்றது. இங்கிருந்தது இலங்கையின் தேசிய குருமடமாயிற்று. இவ்வளவு காலமாக அயலில் இருந்தும் அவர்களுடைய நோன்பை நாம் கேட்டறியவில்லை.

பழைய கத்தோலிக்கத் தமிழில் இரண்டு அழகான சொற்கள் உண்டு. 'ஒருசந்தி' என்றால் நாளுக்கு ஒரு நேரம் மட்டும் நிறைவாக உண்பது. 'சுத்தபோசனம்' என்றால் இறைச்சியைத் தவிர்ப்பது. முன்னையது அளவு பற்றியது, பின்னையது பண்டம் பற்றியது. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால் விருந்தளிப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது.

சுத்தபோசனத்தை நாம் பன்றி இறைச்சியோடு ஒப்பிடுவது தவறு. பன்றி நமக்கு எந்நாளும் ஹராம். கத்தோலிக்கருக்கோ மாடும் கோழியும் அசுத்தமானவை அல்ல. இயேசு சிலுவையில் உயிர்நீத்ததாக அவர்கள் நம்பும் நாள் வெள்ளி. அதை நினைத்து, பிரியமான ஒன்றை அன்று விடுகிறார்கள். இறைச்சியை ஏன் விட வேண்டும் என்ற கேள்விக்கு 13ஆம் நூற்றாண்டிலேயே தோமஸ் அக்குவைனாஸ் காரணம் சொன்னார்: உண்பதில் அதிக இன்பம் தருவதும் உடலின் இச்சையைத் தூண்டுவதும் அதுவே. ஆகவே இதற்குச் சரியான ஒப்புமை ரமழான் பகலில் நாம் குடிக்காத தண்ணீர்தான். ஹலாலான ஒன்றை இறைவனுக்காகக் குறித்த நேரத்தில் விடுவது. "ஒரு நாள்தானே, சாப்பிடுங்க" என்று வற்புறுத்துவது எவ்வளவு பிழை என்பது இப்போது விளங்கும்.

சட்டமும் காலத்தோடு மாறியது. முற்காலத்தில் முட்டையும் பாலும்கூடத் தடைப்பட்டிருந்தன. 1917ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அனுமதித்தது. இறைச்சியையும் இறைச்சிச் சாற்றையும் தடுத்தது. 1966இல் பாப்பரசர் 6ஆம் பவுல் ஒருசந்தி நாட்களைத் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி என்ற இரண்டாகக் குறைத்தார். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 வயது நிரம்பியோருக்குச் சுத்தபோசனமும், 18 நிரம்பியோர் முதல் 59 வயது நிறையும் வரை உள்ளோருக்கு ஒருசந்தியும் கடமை. இறைச்சிக்குப் பதிலாக வேறு தவமுயற்சியை வகுக்க ஆயர் பேரவைகளுக்கு இடமுண்டு. மறுபுறம், தவக்காலம் முழுவதும் இறைச்சியை விடுவோரும் இருக்கிறார்கள். அதனால் விருந்தாளியிடம் முன்கூட்டிக் கேட்பதே நல்லது.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். நாங்கள் 'இறைச்சி' என்றால் மாட்டையே நினைக்கிறோம். என் பிழையும் அங்கேதான் நடந்தது. அவர்களுடைய சட்டத்தில் கோழியும் இறைச்சியே. மீன், இறால், முட்டை, பால் தடையில்லை. மாசிச் சம்பலும் ஆகும். கஞ்சிக்கு அரிசி, இஞ்சி, பூடு, ரம்பை போட்டு வேகவைத்து, இறைச்சி சேர்க்குமுன் ஒரு சிறு சட்டியில் பிரித்தெடுத்து, அதற்குத் தனியாகத் தேங்காய்ப்பால் விடலாம். அகப்பையும் வேறாக இருக்கட்டும். இறைச்சியை அள்ளி ஒதுக்கிவிட்டு அதே கஞ்சியைக் கொடுப்பது சரியாகாது. சாறு அதில் ஊறியிருக்கும். இன்றைய சட்டம் சாற்றைப் பெயர்சொல்லித் தடுக்காவிட்டாலும் பழைய வழக்கில் ஊறியோர் அதைத் தொடமாட்டார்கள். சூப் கட்டியிலும் கோழி இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. ரோல்ஸும் கட்லட்டும் மீனில் செய்தால் எல்லோரும் ஒரே தட்டில் எடுக்கலாம்.

எல்லாவற்றையும்விட இலகுவான வழி நாளை மாற்றுவது. தவக்காலத்தின் 40 நாட்களில் ஞாயிறு சேராது. அது அவர்களுக்கு உயிர்ப்பின் மகிழ்ச்சி நாள். திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் விருந்துக்கு அழைக்காதிருப்பதே உபசாரம்.

வேதம் கொடுக்கப்பட்டோரின் உணவு நமக்கும், நம் உணவு அவர்களுக்கும் ஆகும் என்பது ஸூறதுல் மாஇதாவின் 5ஆம் வசனம் தரும் அனுமதி. 'மாஇதா' என்றால் உணவு விரிப்பு. அந்த விரிப்பில் விருந்தாளி கைவைக்கத் தயங்காதபடி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. அடுத்த ஞாயிறு சேரை மறுபடி அழைத்தேன். கோழிக் கஞ்சி இரண்டு கோப்பை குடித்தார்.