சதுர அலையின் விளிம்பும் மின்தடையத்தின் சூடும்

2012-இல், சென்னை நீங்கலாகத் தமிழகமெங்கும் மணிக்கணக்கில் மின்வெட்டு நீடித்தபோது, மதுரை சிம்மக்கல் போன்ற கடைத்தெருக்களில் இன்வெர்ட்டர் தவிர்க்க முடியாத பொருளாயிற்று. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் பல தருவது சைன் அலை அல்ல, சதுர அலை. சைன் அலையை மனத்தில் வைத்து அமைத்த RC சுற்று அந்த அலையில் என்ன ஆகும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முதல் சில ஹார்மோனிக்குகளைக் கூட்டினால் போதும் என்ற வகுப்பறைப் பழக்கம் இங்கே தவறான விடை தருகிறது என்பது என் வாதம்.

தீப்பொறியையும் மின்னிரைச்சலையும் அடக்க, மின்கம்பிகளுக்குக் குறுக்கே 100 ஓம் மின்தடையத்தையும் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியையும் தொடராக வைப்பது வழக்கம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் சைன் அலையில் அந்த மின்தேக்கியின் மின்மறுப்பு ஏறத்தாழ 31.8 கிலோ ஓம். ஓடும் மின்னோட்டம் 7.2 மில்லி ஆம்பியர். மின்தடையத்தில் செலவாகும் திறன் 5 மில்லி வாட்டுக்குச் சற்றே மேல். கால் வாட் மின்தடையமே அங்கு தாராளம்.

இனி அதே 230 வோல்ட் பயனுறு மதிப்புள்ள சதுர அலையைக் கொடுப்போம். ஃபூரியர் 1822-இல் வெளியிட்ட நூலின் வழியில் இதைப் பிரித்தால் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் மட்டும் மிஞ்சும். n-ஆவதின் பயனுறு மதிப்பு 207/n வோல்ட். சுற்று நேரியல் என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியே செலுத்தி விளைவுகளைக் கூட்டலாம். மின்னழுத்தத்தைக் கூட்டும்போது கட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். சராசரித் திறனுக்கு அந்தத் தொல்லை இல்லை: வெவ்வேறு அதிர்வெண்களின் குறுக்குப் பெருக்கங்கள் ஒரு முழுச் சுற்றில் சுழியாகிவிடுவதால், திறன்களை நேரடியாகக் கூட்டிவிடலாம்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். n கூடும்போது மின்னழுத்தம் 1/n ஆகக் குறைகிறது. மின்தேக்கியின் மின்மறுப்பும் 1/n ஆகவே குறைகிறது. ஆகவே மின்னோட்டம் குறைவதே இல்லை. மூன்றாவதும் முப்பத்தொன்றாவதும் அடிப்படை அலையைப் போலவே 6.5 மில்லி ஆம்பியர் செலுத்துகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 4.2 மில்லி வாட் சூட்டைச் சேர்க்கிறது. மின்மறுப்பு 100 ஓமுக்கு இறங்கும் 15.9 கிலோ ஹெர்ட்ஸில், அதாவது n 318-ஐ நெருங்கும்போதுதான் தொடர் தேயத் தொடங்குகிறது:

P = 4.23 mW × Σ 1/(1 + (n/318)²), n = 1, 3, 5, …

இத்தொடரின் கூட்டுத்தொகை 250. ஆக மொத்தத் திறன் 1.06 வாட், சைன் அலையில் இருந்ததைப் போல இருநூறு மடங்கு. முதல் பத்து ஒற்றைப்படை உறுப்புகளோடு நிறுத்தியவருக்கு 42 மில்லி வாட் மட்டுமே கிடைத்திருக்கும். உண்மையில் அது நான்கு விழுக்காடு. ஆனால் அதே பத்து உறுப்புகள் மின்தேக்கியின் மின்னழுத்த வர்க்கச் சராசரியில் 98 விழுக்காட்டைப் பிடித்துவிடுகின்றன. எத்தனை உறுப்பு போதும் என்பதை அலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. எந்த அளவைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

இதற்கு இவ்வளவு சுற்று வழி எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வொரு தாவலிலும் மின்தேக்கி 460 வோல்ட் மாறுகிறது. மின்தடையத்தில் ½C(460)², அதாவது 10.6 மில்லி ஜூல் செலவாகிறது. வினாடிக்கு 100 தாவல்கள், எனவே 1.06 வாட். ஒரே வரியில் விடை வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் சூடு எங்கிருந்து வருகிறது என்பதை அந்த வரி சொல்லாது. ஹார்மோனிக் கூட்டல் சொல்கிறது: பாதிச் சூடு 15.9 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலிருந்து வருகிறது. தொண்ணூறு விழுக்காட்டை எட்ட 100 கிலோ ஹெர்ட்ஸ் வரை போக வேண்டும்.

பரிகாரமும் இதிலிருந்தே தெளிவாகிறது. நடுவில் இடைவெளி விட்டு மூன்றாம் ஹார்மோனிக்கை ஒழித்த ‘திருத்திய சதுர அலை’ மேலானது என்பார்கள். மோட்டாருக்கு அது சரி. இந்த மின்தடையத்துக்கோ, பயனுறு மதிப்பு 230-ஆகவே இருந்தால், 1.06 வாட் 0.79 ஆகக் குறைவதோடு சரி. மூன்றின் மடங்குகள் போனாலும் மற்ற நூற்றுக்கணக்கானவை அப்படியே இருக்கின்றன. விளிம்பை மெதுவாக்கினால் கதையே வேறு. ஒரு தாவலுக்கு 100 மைக்ரோ வினாடி ஆகும் எனில், n சுமார் 64-ஐத் தாண்டியதும் உள்ளீட்டு ஹார்மோனிக்குகள் 1/n² ஆகச் சரிந்து, திறன் 0.19 வாட்டுக்கு இறங்குகிறது.

உண்மையான இன்வெர்ட்டரில் டிரான்ஸ்பார்மரின் கசிவு மின்தூண்டலும் மாஸ்ஃபெட்டின் வேகமும் விளிம்பைத் தீர்மானிக்கின்றன. எனவே 1.06 வாட் என்பது கூர்மையான விளிம்புக்கான மேல் எல்லை. சாதாரண மல்டிமீட்டர் இதில் உதவாது. சராசரியை அளந்து சைனுக்கெனப் பெருக்கிக் காட்டும் கருவி 230-ஐ 255 என்று படிக்கும், விளிம்பைப் பற்றி எதுவும் சொல்லாது. தகுந்த புரோபுடன் ஆசிலாஸ்கோப்பில் ஏறு நேரத்தைப் பார்க்க வேண்டும். அது இல்லாத பட்டறையில், வண்ணப் பட்டைகள் பழுப்பேறிய மின்தடையமே சான்று. அதன் இடத்தில் அதே கால் வாட்டை மீண்டும் பற்றவைத்தால், கூர்மையான விளிம்புள்ள இன்வெர்ட்டரில் அதுவும் கருகும்.