எண்ணூர் காற்று கிராஃப்: 'எகிறியது', 'இரண்டு மடங்கு' என்று எழுதலாமா? எழுதும் முன் கவனிக்க வேண்டியவை

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கப்பலில் இருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டு வரும் கடலடிக் குழாயில் கசிவு. மூச்சுத் திணறலோடு மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். ஆலை வாசலுக்கு அருகே காற்றில் ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாக தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 400.

இந்த இரண்டு எண்களை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றால் பலரும் எழுதுவது: "வரம்பை விட 500% அதிகம்". இது தவறு. வட சென்னையில் இன்று பலரது போனிலும் காற்று மாசு கிராஃப் வருகிறது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போடுகிறோம், மனுவிலும் சேர்க்கிறோம். அதில் ஒரு சொல் தவறினால் போதும், "கணக்கே சரியில்லையே" என்று மொத்தப் புகாரையும் ஒதுக்கிவிட முடியும். எப்படி எழுதினால் சரி?

'மடங்கு' வேறு, '% அதிகம்' வேறு

2,090-ஐ 400-ஆல் வகுத்தால் 5.2. எனவே "வரம்பைப் போல 5 மடங்குக்கு மேல்" என்பது சரி. சதவீதத்தில் சொல்வதானால் முதலில் வரம்பைக் கழிக்க வேண்டும். கூடுதலாக இருந்தது 1,690. அது 400-ல் சுமார் 420%. அதனால் "சுமார் 420% அதிகம்" என்றுதான் எழுத வேண்டும். எளிய உதாரணம்: இரண்டு மடங்கு ஆனால் அது 100% உயர்வு, 200% அல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. 400 என்பது 24 மணி நேர சராசரிக்கான வரம்பு. 2,090 என்பது கசிவு நடந்த இரவில் எடுத்த அளவு. ஒரு நாள் முழுவதற்குமான வரம்போடு அந்த நேரத்து அளவை ஒப்பிடுகிறோம். ஒப்பிடவே கூடாது என்றில்லை. அதைச் சொல்லிவிட்டு ஒப்பிட வேண்டும். "24 மணி நேர சராசரிக்கான வரம்பு 400, கசிவு இரவில் ஆலை வாசல் அருகே பதிவான அளவு 2,090" என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

கோட்டைப் பார்க்கும் முன், ஓரத்தைப் பாருங்கள்

கிராஃப்பில் நம் கண் முதலில் போவது மேலே ஏறும் கோட்டுக்குத்தான். ஆனால் முதலில் படிக்க வேண்டியது இடப்பக்க ஓரம். அங்கே இருப்பது காற்றுத் தரக் குறியீடா, அதாவது திரையில் AQI என்று வருவதா? அல்லது பி.எம். 2.5 என்ற நுண்துகளின் அளவா? இரண்டும் ஒன்றல்ல.

இந்தியக் குறியீட்டில் 24 மணி நேர சராசரி நுண்துகள் 60 மைக்ரோகிராம் என்றால் குறியீடு 100. நுண்துகள் 90 ஆனால் குறியீடு 200. நுண்துகள் 120 ஆனால் குறியீடு 300. அதாவது தூசு 60-ல் இருந்து 120-க்கு இரண்டு மடங்கு ஆகும்போது, குறியீடு 100-ல் இருந்து 300-க்கு மூன்று மடங்கு ஆகிறது. அந்த கிராஃப்பைப் பார்த்து "மாசு மூன்று மடங்கானது" என்று எழுதினால் தவறு.

அதனால் குறியீட்டுக்கு 'மடங்கு' போடாமல் அதன் வகையைச் சொல்வது நல்லது. 101 முதல் 200 வரை 'மிதமான', 201 முதல் 300 வரை 'மோசம்', 301 முதல் 400 வரை 'மிக மோசம்'. "திருப்திகரம் என்ற நிலையில் இருந்து மோசம் என்ற நிலைக்குப் போனது" என்று எழுதலாம். 'மடங்கு' வேண்டும் என்றால் நுண்துகள் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிராஃப்பை எழுதிப் பார்ப்போம்

இது பயிற்சிக்கான கற்பனைக் கணக்கு. போகியை ஒட்டி ஒரு நிலையத்தில் நுண்துகளின் தினசரி சராசரி: போகிக்கு முந்தைய மூன்று நாட்கள் 38, 41, 45. போகியன்று 118. பொங்கலன்று 72. மாட்டுப் பொங்கலன்று 47. தினசரி வரம்பு 60.

முதல் மூன்று நாட்களை "தொடர்ந்து அதிகரித்து வந்தது" என்று எழுதலாமா? வேண்டாம். மூன்று நாளில் 7 மைக்ரோகிராம் மாற்றம் என்பது காற்று வீசும் திசை மாறினாலே வரக்கூடியது. "38-க்கும் 45-க்கும் இடையில் இருந்தது" என்பதே போதும்.

45-ல் இருந்து 118-க்குப் போனதை "ஒரே நாளில் எகிறியது" என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சொல்லோடு எண்ணும் வர வேண்டும்: "ஒரே நாளில் 45-ல் இருந்து 118-க்கு, சுமார் 2.6 மடங்காக எகிறியது".

அதிகம் தடுமாறுவது அடுத்த நாளில்தான். 118-ல் இருந்து 72. "39% குறைந்தது" என்பது கணக்குப்படி சரி. ஆனால் அதோடு நிறுத்தினால் காற்று சரியாகிவிட்டது போல இருக்கும். 72 இன்னும் வரம்புக்கு மேல்தான். "39% குறைந்தாலும் வரம்பான 60-க்குக் கீழே வரவில்லை" என்று முடிப்பதே முழு உண்மை. மாட்டுப் பொங்கலன்றுதான் வரம்புக்குள் வந்தது.

கோடு அறுந்திருந்தால்?

கருவி பழுதானாலோ மின்சாரம் போனாலோ கிராஃப்பில் இடைவெளி விழும். அந்த நேரத்தில் மாசு இல்லை என்று அர்த்தமில்லை. சில செயலிகள் இரண்டு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்துவிடும். பார்க்க மாசு சீராக இருந்தது போலவே தெரியும். "காலை 2 முதல் 6 மணி வரை தரவு இல்லை" என்று வெளிப்படையாக எழுதுங்கள். அந்த நேரத்தில் நாற்றம் அடித்ததாக மக்கள் சொன்னால் அதைத் தனி வாக்கியமாகச் சேருங்கள், கிராஃப் சொன்னதாக எழுத வேண்டாம்.

காரணத்தை கிராஃப் சொல்லாது

"ஆலையால் மாசு உயர்ந்தது" என்று கோட்டை மட்டும் வைத்து எழுத முடியாது. எவ்வளவு, எப்போது என்பதுதான் கோட்டில் இருக்கிறது. ஆனால் ஒரு எளிய சோதனை உண்டு. மணலி நிலையத்தின் கோட்டையும், அதே நேரத்துக்கான வேளச்சேரி நிலையத்தின் கோட்டையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் அது பனி, காற்றில்லாத இரவு, போகிப் புகை போல நகரம் முழுவதற்குமான விஷயமாக இருக்க வாய்ப்பு அதிகம். மணலி மட்டும் ஏறி வேளச்சேரி அப்படியே இருந்தால், காரணம் பக்கத்திலேயே இருக்கலாம்.

அப்போது மனுவில் எழுத வேண்டிய வாக்கியம் இப்படி இருக்கும்: "இந்தத் தேதியில் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை மணலி நிலையத்தில் நுண்துகள் இவ்வளவில் இருந்து இவ்வளவாக உயர்ந்தது. அதே நேரத்தில் வேளச்சேரியில் உயரவில்லை. இதற்கான உள்ளூர்க் காரணத்தை விசாரிக்க வேண்டும்." இதில் யார் மீதும் பழி இல்லை. ஆனால் பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது கஷ்டம்.