பூட்டப்படாத பக்கெட்: ஒரே ஒரு அனுமதி விதியால் காப்புப் பிரதிகள் கசிவது எப்படி?

கோலார் தங்கவயல்: பொதுச் சேவை மையத்தில் கொடுக்கும் ஆதார் நகல் எங்கே போய்ச் சேர்கிறது என்ற கேள்வி, கோலார் தங்கவயல் போன்ற நகரங்களில் வாழ்வோருக்குப் புதியதன்று. அரசின் பல சேவைகளை மக்கள் இத்தகைய மையங்கள் வழியாகவே பெறுகின்றனர். அக்கேள்விக்குக் கவலை தரும் ஒரு விடை 2020-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பீம் செயலியில் வணிகர்களையும் பயனாளர்களையும் சேர்ப்பதற்காகப் பொதுச் சேவை மைய நிறுவனம் நடத்திய இணையதளத்தின் ஆவணங்கள் யாரும் பார்க்கும் நிலையில் இருப்பதை, விபிஎன்மென்டர் என்ற ஆய்வுக் குழு அவ்வாண்டு ஏப்ரல் 23-இல் கண்டறிந்தது. ஆதார் அட்டைகள், சாதிச் சான்றிதழ்கள், கல்விச் சான்றுகள் ஆகியவற்றின் நகல்கள் உட்பட ஏறத்தாழ 72.6 லட்சம் பதிவுகள், 409 ஜிபி அளவில் அங்கு இருந்ததாக அக்குழு தெரிவித்தது. இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன்னுக்குத் தகவல் அளிக்கப்பட்டு, மே 22 வாக்கில்தான் அது மூடப்பட்டது. பீம் செயலியின் தரவுகள் கசியவில்லை எனத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் அப்போது விளக்கம் அளித்தது.

இந்நிகழ்வில் கடவுச்சொல் எதையும் யாரும் உடைக்கவில்லை. ஆவணங்கள் இருந்த அமேசான் எஸ்3 பக்கெட்டின் அனுமதி அமைப்பு பொதுவாகத் திறந்திருந்ததே காரணம். செயலி பாதுகாப்பாக இருந்தாலும், அதைச் சுற்றிச் சேரும் ஆவணங்கள் வேறொரு இடத்திலிருந்து வெளியேறக்கூடும் என்பதே இதன் பாடம்.

பக்கெட் என்பது என்ன?

ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் எனப்படும் மேகக் கணினிச் சேமிப்பில், கோப்புகள் பக்கெட் என்ற கொள்கலனில் வைக்கப்படுகின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் இணைய முகவரி உண்டு. அம்முகவரியைக் கேட்பவருக்குக் கோப்பைத் தரலாமா, மறுக்கலாமா என்பதைப் பக்கெட் பாலிசி என்ற அனுமதி விதி முடிவு செய்கிறது.

விதி பிழையாகும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சிறு மருத்துவமனை இருப்பதாகக் கொள்வோம். அதன் இணையதளத்தில் மருத்துவமனைச் சின்னத்தின் படம் தெரிய வேண்டும். படம் பக்கெட்டில் இருக்கிறது. ஆனால் பார்வையாளருக்குத் தெரியவில்லை. இணையதளப் பணியாளர், பொது அணுகலைத் தடுக்கும் அமைப்பை நீக்கிவிட்டுக் கீழ்க்காணும் விதியை எழுதுகிறார். பக்கெட்டின் பெயர் மாதிரிக்காகத் தரப்பட்டது.

```json
{
  "Version": "2012-10-17",
  "Statement": [{
    "Effect": "Allow",
    "Principal": "*",
    "Action": "s3:GetObject",
    "Resource": "arn:aws:s3:::amzn-s3-demo-bucket/*"
  }]
}
```

`Principal` என்பது யாருக்கு அனுமதி என்பதைக் குறிக்கும். அங்குள்ள நட்சத்திரக் குறி, உலகில் எவரும் என்று பொருள்படும். `Action` கோப்பைப் படிக்க அனுமதிக்கிறது. `Resource` வரியின் இறுதியில் உள்ள நட்சத்திரக் குறி, பக்கெட்டில் உள்ள எல்லாக் கோப்புகளையும் குறிக்கிறது. அது இன்றுள்ள கோப்புகளை மட்டுமன்று, நாளை வைக்கப்படுபவற்றையும் சேர்த்தே குறிக்கிறது.

படம் தெரிந்துவிடுகிறது, பணி முடிந்தது. ஆறு மாதங்களுக்குப் பின் வேறொரு பணியாளர், நோயாளிப் பதிவேட்டின் காப்புப் பிரதியை இரவுதோறும் தானாகவே அதே பக்கெட்டில் சேமிக்க ஏற்பாடு செய்கிறார். பழைய விதி புதிய கோப்புக்கும் பொருந்துகிறது. எச்சரிக்கை எதுவும் அவர் கண்ணில் படுவதில்லை. எல்லாம் வழக்கம்போல் இயங்குகிறது. கசிவு தொடங்கிய நாளில் இருவருமே தவறு நேர்ந்ததாக உணர்வதில்லை.

மேற்கண்ட விதி கோப்புகளின் பட்டியலைக் காட்டாது. அதற்கு `s3:ListBucket` என்ற தனி அனுமதி வேண்டும். ஆயினும் காப்புப் பிரதிகளுக்குப் பெரும்பாலும் தேதியையே பெயராக இடுவதால், ஒரு பெயர் தெரிந்தால் மற்றவற்றை ஊகிக்கலாம். பக்கெட் பெயர்களையும் நிறுவனப் பெயரிலிருந்து ஊகித்துத் தேடும் தானியங்கிக் கருவிகள் உள்ளன.

காப்புப் பிரதி ஏன் கூடுதல் ஆபத்து?

பதிவேட்டு மென்பொருளில் நுழைபவர் தமக்கு உரிய பக்கத்தை மட்டுமே காண்பார். காப்புப் பிரதியிலோ முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பாக இருக்கும். மென்பொருளின் கடவுச்சொல்லும் கட்டுப்பாடுகளும் அதற்குப் பொருந்தா. அட்யூனிட்டி என்ற தரவு மேலாண்மை நிறுவனத்தின் பக்கெட்டுகள் திறந்திருந்ததை 2019 மே மாதத்தில் அப்கார்டு ஆய்வுக் குழு கண்டறிந்தபோது, ஊழியர்களின் மின்னஞ்சல் காப்புப் பிரதிகளோடு வேறு கணினிகளுக்கான கடவுச்சொற்களும் அவற்றில் இருந்தன. ஒரு பிரதியின் கசிவு வேறு பல கதவுகளையும் திறந்துவிடும்.

கோப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டுள்ளன என்பதும் இங்கு உதவாமல் போகலாம். எஸ்3-இன் இயல்பான மறையாக்கத்தில், விதி அனுமதிக்கும் எவருக்கும் சேவையே கோப்பை மறைநீக்கித் தந்துவிடும். பக்கெட்டில் சேர்ப்பதற்கு முன்பே தனிச் சாவியால் மறையாக்கம் செய்த பிரதி இந்நிலையிலும் படிக்க இயலாததாக இருக்கும்.

கண்டறிவதும் மூடுவதும்

பொது அணுகல் தடையை அமேசான் 2018 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. 2023 ஏப்ரல் முதல் புதிய பக்கெட்டுகளில் அது இயல்பாகவே இயங்குகிறது. ஆனால், அதற்கு முன் உருவாக்கப்பட்டவையும், எடுத்துக்காட்டில் கண்டவாறு தடை நீக்கப்பட்டவையும் தனித்தனியே சரிபார்க்கப்பட வேண்டும்.

```
aws s3api get-bucket-policy-status --bucket amzn-s3-demo-bucket
```

விடையில் `"IsPublic": true` என வந்தால் விதி பொதுவாகத் திறந்துள்ளது. `false` என வந்தாலும் அது விதியைப் பற்றி மட்டுமே கூறுகிறது. கோப்புகளுக்குத் தனியே தரப்பட்ட பழைய வகை அனுமதிகளை அது காட்டாது. எனவே, தமது பக்கெட்டில் உள்ள ஒரு காப்புப் பிரதியின் உண்மையான முகவரியை, உள்நுழையாத உலாவியில் திறந்து பார்ப்பதும் தேவை. `AccessDenied` என வருவதே சரியான விடை. இல்லாத கோப்பின் பெயரைக் கொடுத்தாலும் அதே விடை வரக்கூடும் என்பதால், சோதனைக்கு இருக்கும் கோப்பின் பெயரையே பயன்படுத்த வேண்டும்.

திறந்திருப்பது உறுதியானால், பொது அணுகல் தடையின் நான்கு கூறுகளையும் இயக்குவதே முதல் நடவடிக்கை. அக்கணமே பழைய விதி செயலிழக்கும். சின்னத்தின் படமும் மறையும். படத்தைத் தனிப் பக்கெட்டுக்கு மாற்றி, காப்புப் பிரதிகள் உள்ள பக்கெட்டில் தடையை நிரந்தரமாக வைத்திருப்பதே தீர்வு.

கோப்பை எவரேனும் எடுத்தார்களா என்ற கேள்விக்கு விடை காண்பது கடினம். கோப்பு வாசிப்புகளைப் பதியும் குறிப்பேடு எஸ்3-இல் இயல்பாக இயங்குவதில்லை. முன்கூட்டியே அதை இயக்காதவர், கசிவை மூடிய பின் இயக்கினாலும் கடந்த காலம் தெரியவராது. அந்நிலையில் தரவு வெளியேறிவிட்டதாகவே கொண்டு, பிரதியில் இருந்த கடவுச்சொற்களை மாற்ற வேண்டும்.

தரவுக் கசிவை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் எனவும், கணினிக் குறிப்பேடுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் எனவும் 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு கூறுகிறது. காப்புப் பிரதிகள் உள்ள பக்கெட்டில் குறிப்பேட்டை முதல் நாளிலேயே இயக்கினால்தான், என்ன வெளியேறியது என்பதை அந்த அறிக்கையில் குறிப்பிட இயலும்.