மூலதனப் பயன்பாட்டுச் செலவு

ஓர் இயந்திரத்தை ஓராண்டு வைத்திருக்க நிறுவனத்துக்கு ஆகும் செலவு. இயந்திரத்தின் விலையில் முடங்கிய பணத்துக்கான வட்டியும் தேய்மானமும் இதில் சேரும். அந்த ஆண்டில் இயந்திரத்தின் விலை ஏறினால் அந்த அளவு கழியும். கூடுதலாக வாங்கும் இயந்திரம் ஈட்டித்தரும் தொகை, அதாவது மூலதனத்தின் இறுதிநிலை உற்பத்தி மதிப்பு, இச்செலவுக்கு மேல் இருக்கும்வரை முதலீடு செய்யலாம்.

1936-இல் கெயின்ஸின் 'பொதுக் கோட்பாடு' வெளிவந்தது. முதலீட்டின் வருவாயை வட்டியோடு ஒப்பிடும் முறையை அந்நூல் பரப்பியது. தேய்மானத்தையும் வரியையும் சேர்த்து இன்றைய வடிவத்தைத் தந்தவர் டேல் ஜார்கன்சன் (1963).

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்போனது. அங்கே ஒருவர் 10 லட்சம் ரூபாய்க்கு ஷட்டில் இல்லாத தறி வாங்குவதாகக் கொள்வோம். வட்டி 12 சதவீதம், தேய்மானம் 10 சதவீதம், விலையேற்றம் இல்லை என்றால் ஆண்டுச் செலவு 2.2 லட்சம். நூல், கூலி, மின்சாரம் போக முதல் தறி 3 லட்சம் தருகிறது, இரண்டாவது 2.5 லட்சம்; ஆர்டரும் ஆளும் அதே அளவில் இருப்பதால் மூன்றாவது 2 லட்சம்தான். எனவே இரண்டோடு நிறுத்துவதே சரி. மூன்றின் சராசரி 2.5 லட்சம் என்று பார்த்து மூன்றாவதையும் வாங்குபவர் அதில் ஆண்டுக்கு 20,000 ரூபாய் இழப்பார். கணக்குப் புத்தகத்தில் லாபமே தெரியும் என்பதால் இந்த இழப்பு எளிதில் கண்ணில் படாது.

1999 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டுவந்த ஜவுளித் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம், கடன் வட்டியில் 5 சதவீதப் புள்ளிகளை ஏற்றது. முழு விலையும் கடனானால் மேற்படி செலவு 1.7 லட்சமாகிறது, மூன்றாவது தறியும் கட்டுபடியாகும். நெசவாளரின் திறமையோ சந்தையோ மாறவில்லை, மாறியது வட்டி மட்டுமே. ஆனால் மின்வெட்டில் தறி நின்றால் வருவாய் குறையும், வட்டி குறையாது. 2012-இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் சலுகை வட்டியில் போட்ட கணக்குகளும் தடுமாறியதற்குக் காரணம் இதுவே. தறியை விற்றுத் தப்பலாம் என்றால், எல்லோரும் விற்கும் நேரத்தில் பழைய இயந்திரத்துக்கு விலை கிடைக்காது. சூத்திரம் இந்தச் சிக்கலைக் கணக்கில் எடுப்பதில்லை.

2016-இல் திருத்தப்பட்ட திட்டம் வட்டிச் சலுகையை விட்டு, நெசவு இயந்திரங்களுக்கு விலையில் 10 சதவீத மானியம் தந்தது. 9 லட்சத்தில் 22 சதவீதம் 1.98 லட்சம், மூன்றாவது தறி நூலிழையில் தேறுகிறது. நூற்பாலைகளுக்கு அத்திட்டத்தில் இடம் இருக்கவில்லை.