ஓலைக்கூரை (திருப்பூர் வட்டாரம்)

பல்லடம், காங்கயம் பக்கத்துத் தோட்டங்களில் ஓலை வேய்ந்த வீட்டைச் சாளை என்பார்கள். தென்னை மட்டையை இரண்டாகப் பிளந்து, தண்ணீரில் ஊறவைத்து முடைந்த கீற்றே பெரும்பாலும் கூரையாகிறது. அடுக்குகளுக்கு நடுவே தங்கும் காற்று வெப்பத்தைத் தடுப்பதால், வெயில் நேரத்திலும் கூரையின் அடிப்பக்கம் அவ்வளவாகச் சுடாது. தகரமோ சிமென்ட் அட்டையோ அப்படியல்ல. நண்பகலில் அதனடியில் நின்றால் உச்சந்தலையில் அனல் இறங்கும். அதனால்தான் அட்டைக் கூரைமேல் கோடையில் கீற்றைப் பரப்புகிறார்கள்.

தென்னங்கீற்று ஓரிரு ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டும். பனையோலை அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். உள்ளிருந்து அண்ணாந்து பார்க்கையில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும், கறுத்த ஓலை தொட்டதும் பொடிந்தாலும் காலம் முடிந்துவிட்டது. தகரமும் அட்டையும் பல ஆண்டுகள் நிற்கும்.

பெரிய குறை நெருப்பு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையற்கூடத்து நெருப்பு கூரைக்கீற்றில் பற்றிப் பரவியது. அதன்பின் தமிழகப் பள்ளிகளில் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஓலையை நனைத்துக் காயவைத்தால் தீப்பற்றுவது தாமதமாகும். ஆனால் அவை நீரில் கரையும் உப்புகள், மழை கழுவிவிடும். ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம் காட்டிய வழி வேறு: தார் கலந்த, மழையில் கரையாத மண்பூச்சைக் கூரையின்மேல் பூசுவது. பாரம் கூடுவதால் அடிச்சட்டம் உறுதியாக இருக்க வேண்டும். பஞ்சுத்தூசி பறக்கும் பனியன் பட்டறைக்கு எந்தப் பூச்சுடனும் ஓலை ஆகாது.